கறுப்புத் துணியில் வெள்ளை ஓரம்

சங்கராபுரத்தில் டி-ஷர்ட்டில் படம் அச்சுப் போடுகிற கடையில் அன்று இருந்தவர்கள் ஐந்து பேர். ஆதிமூலம் என்கிற நான். என் மருமகள் கமலா. அவளுடைய இளைய மகன் அஜித்குமார். கடைக்காரர் இருசப்பன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த பெண் பாரதி. தாங்களும் அங்கே இருந்ததாகப் பிற்பாடு பலர் சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவரும் இருக்கவில்லை.

திரையில் இருந்தவனையும் சேர்த்தால் ஆறு. அவன் என் மூத்த பேரன் தமிழரசன். அவன் இறந்து ஒரு வருஷம் நிறைய இன்னும் நான்கு நாள் இருந்தது.

தமிழரசன் எப்படி இறந்தான் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கல்வராயன் மலையில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் மரவள்ளிக் கொல்லை குத்தகைக்கு இருந்தது. ஆவணி மாதம், மழை விட்ட ஒரு சாயங்காலம், கொல்லைக்குக் களைக்கொல்லி வாங்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் மலை ஏறினான். வெள்ளிமலைக்குப் போகிற பாதையில் ஒரு வளைவில் வண்டி சறுக்கிவிட்டது. காலையில்தான் பார்த்தார்கள். பக்கத்தில் களைக்கொல்லி பாட்டில் உடைந்து கிடந்தது. சட்டையெல்லாம் அந்த வாடை. பிரேதத்தை இறக்கிக்கொண்டு வருவதற்குள் ஊரில் பேச்சு வந்துவிட்டது: பையன் மருந்து குடித்துவிட்டான்.

தலையில் அடிபட்டு இறந்தான் என்று பிரேதப் பரிசோதனை அறிக்கையில் இருக்கிறது. வயிற்றில் விஷம் இல்லை என்றும் இருக்கிறது. அதை நான் நான்கு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். கேட்டவர்களுக்குக் காட்டினேன். படித்துவிட்டுத் தலையை ஆட்டினார்கள். பிறகு டீக்கடையில் போய் மருந்து என்றார்கள்.

இதில் நஷ்டம் இறந்தவனுக்கு இல்லை. அவன் தங்கை அபிநயாவுக்கு. எலவனாசூர்கோட்டையில் நல்ல குடும்பம் ஒன்று பெண் கேட்டிருந்தது. பையன் வேளாண்மைத் துறையில் வேலை. எங்கள் பக்கத்தில் மருந்து குடித்த வீட்டில் பெண் எடுக்க யோசிப்பார்கள். அந்த ரத்தத்தில் அது இருக்கிறது என்பார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் கவியரசன் என்னிடமே சொன்னார், "வருஷ தெவசத்துக்கு வர்றோம் பெரியவரே. வந்து பாத்துட்டு முடிவு சொல்றோம்" என்று. எதைப் பார்க்க வருகிறார்கள் என்று எனக்குத் தெரியும். துக்கம் நேராக இருக்கிறதா, அதில் எதையாவது மறைக்கிறோமா என்று பார்க்க வருகிறார்கள்.

அதனால் அந்த நாளில் எல்லாம் சரியாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அஜித்குமாரும் அவன் கூட்டாளிகளும் தமிழரசன் முகம் போட்ட டி-ஷர்ட் அணிந்து கைப்பந்துப் போட்டி நடத்த வேண்டும் என்றார்கள். நாற்பது கறுப்பு டி-ஷர்ட் வாங்கியும் விட்டார்கள். முதலில் எனக்குப் பிடிக்கவில்லை. பிறகு யோசித்தேன். நாற்பது பேர் நெஞ்சில் என் பேரன் நிமிர்ந்து நின்றால் நல்லதுதான். ஒளிக்க ஒன்றும் இல்லாத வீடுதான் அப்படிச் செய்யும். நானே கூட வருகிறேன் என்று கிளம்பினேன்.

போட்டோ கரியாலூர் அருவியில் எடுத்தது. பக்கவாட்டில் திரும்பி நிற்கிறான். பின்னால் தண்ணீர் வெள்ளையாகக் கொட்டுகிறது. இருபத்து மூன்று வயதுத் தாடி. அங்கங்கே இழை இழையாக, காற்றில் கலைந்து இருக்கும். உதடும் முகவாயும் அந்த வெள்ளைத் தண்ணீரை ஒட்டி இருந்தன.

பாரதி எங்கள் ஊர்ப் பெண். அவள் அம்மா பச்சையம்மாள் பத்து வருஷம் எங்கள் கொல்லையில் களை எடுத்தவள். தமிழரசன் மருந்து குடித்ததாக அவளும் மோட்டார் கொட்டகையில் பேசினாள் என்று என் காதுக்கு வந்தது. இனி வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இது நடந்தது முந்தின கார்த்திகையில். அவள் மகள்தான் கம்ப்யூட்டரில் இருக்கிறாள் என்று கடைக்குப் போன பிறகுதான் தெரிந்தது. அவள் எழுந்து நின்று, "வாங்க ஐயா" என்றாள். முகத்தில் வேறு எதுவும் இல்லை.

நாங்கள் போவதற்குள், அஜித்குமார் முன்பே போனில் அனுப்பியிருந்த படத்தை அவள் பின்னணியிலிருந்து வெட்டி, ஒரு துண்டுக் கறுப்புத் துணியில் அச்சுப் போட்டு வைத்திருந்தாள். என் கையில் கொடுத்தாள். முகம் தெளிவாக இருந்தது. ஆனால் முகவாய் ஓரம் கத்தியால் சீவியது போல் இருந்தது. தாடியின் இழைகள் இல்லை. நெற்றியில் தொங்குகிற முடி இல்லை. மீசையின் நுனி இல்லை.

"தாடி எங்க?" என்றேன்.

"ஓரத்த கொஞ்சம் உள்ள தள்ளி வெட்டியிருக்கறேங்க ஐயா. அந்த முடியெல்லாம் பாதி தெரியும், பாதி தெரியாது. அப்படி இருந்தா துணியில நல்லா வராதுங்க."

"செரச்சி வெச்ச மாதிரி இருக்குது."

அஜித்குமார், "செல்போன்ல முடியோட நல்லாத்தான இருந்துச்சி" என்றான்.

"போன்ல நல்லாத்தான் இருக்கும்" என்றாள் பாரதி. "இங்க பாருங்க." திரையில் படத்தைப் பெரிதாக்கினாள். தாடி ஓரம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. "இந்தப் புள்ளிங்க முழுசா இல்ல. முப்பது சதம், நாப்பது சதம்தான் இருக்குது. திரையில பின்னாடி இன்னா கலரோ அதோட கலந்து காட்டும். துணி அப்படிக் கலக்காதுங்க. கறுப்புத் துணியில கலர் நிக்கணும்னா எங்க மிஷினு அடியில வெள்ளை மை வெக்கும். ஒரு புள்ளி கொஞ்சூண்டு இருந்தாலும் அதுக்கும் அடியில வெள்ளை வெச்சிடும். மேல கலர் கம்மி, அடியில வெள்ளை ஜாஸ்தி. ஓரமெல்லாம் வெள்ளையாப் பூத்துக்கும். அதுவும் இல்லாம பின்னாடி அருவிங்க. முடிக்குள்ளயே தண்ணியோட வெள்ளை ஏறியிருக்குது."

இருசப்பன் சொன்னார்: "அந்தப் பொடிப் புள்ளியில, துணியில ஒட்டறதுக்குத் தூவற பசைப் பவுடரும் சரியா பிடிக்காதுங்க பெரியவரே. நாலு தொவைக்குப் பொரிஞ்சி உதிரும். அது சொல்றது கரெக்ட்டு."

அவர்கள் சொன்னது எனக்குப் புரிந்தது. புரியவில்லை என்று இன்று சொல்ல மாட்டேன். ஆனால் என் மனதில் வேறொன்று இருந்தது. எங்கள் குடும்பத்தில் அப்பன் செத்தால்தான் மகன் மீசை தாடி எடுப்பான். தமிழரசனின் அப்பன், என் மகன், உயிரோடு இருக்கிறான். சம்பந்தி வீட்டார் வரும் சபையில், நாற்பது பேர் நெஞ்சில், மழித்த முகத்தோடு என் பேரன் நின்றால் அது அவன் அப்பனுக்குக் கேடு. பார்க்கிறவர்களும் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

"அப்பன் இருக்கும்போது பிள்ளைக்குத் தாடி எடுக்கறதில்ல. ஒரு முடி போகக் கூடாது" என்றேன்.

"அப்ப ஒண்ணு செய்யறேங்க. பாதியா இருக்கற முடிய எடுத்துட்டு, அதே எடத்துல முழுக் கறுப்பா கொத்துக் கொத்தா வரைஞ்சிடறேன். ஓரம் கெட்டியா இருக்கும், வெள்ளை வராது. துணியே கறுப்புதானுங்களே, முடி துணியோட சேந்துக்கும். தூரத்துல நின்னா முழுத் தாடியாத்தான் தெரியும்."

"என் பேரனுக்கு நீ முடி வரையறியா?"

அவள் பெரிதாக்கிய படத்தை மறுபடி சிறிதாக்கினாள். இருசப்பன் கீழே குனிந்து ஏதோ தேடினார்.

கமலா அந்தத் துணித் துண்டை என்னிடமிருந்து வாங்கி, முகத்தை விரலால் தொட்டுக்கொண்டிருந்தாள். "மாமா, அந்தப் பொண்ணு சொல்றதக் கேளுங்க. அதுக்குத் தெரிஞ்ச வேல" என்றாள்.

"நீ சும்மா இரு கமலா."

பாரதி இன்னொரு வழியும் சொன்னாள். வெள்ளைச் சட்டை என்றால் அடியில் இருக்கும் வெள்ளை தெரியாது, முடியை அப்படியே விடலாம் என்றாள். அஜித்குமார், "கறுப்பு நாப்பது வாங்கியாச்சி, கடைக்காரன் திருப்பி எடுக்க மாட்டான்" என்றான். சரி, முடியோடு ஒன்று அடித்துப் பார்த்துவிடலாம், நீங்களே பாருங்கள் என்றாள் பாரதி. அதற்கும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தக் கடையில் மேஜைக்கு அடியில், முன்பு சோதனைக்கு அடித்த துணிகள் கிடந்தன. ஏதோ ஒரு கட்சிக்காரர், ஏதோ ஒரு கல்யாண ஜோடி. மை துடைத்து அழுக்காகிக் கிடந்தன. என் பேரன் முகமும் அதில் போய்ச் சேருவதா?

"இன்னொரு துணி வேணாம். இந்தத் துண்டையும் நான் எடுத்துக்கினு போறேன். போன்ல எப்படி இருக்குதோ அப்படியே போடு" என்றேன்.

"சரிங்க ஐயா" என்றாள்.

மறுநாள் பகல் பதினொரு மணிக்கு அவளிடமிருந்து போன் வந்தது. நான் அப்போது பந்தல்காரனிடம் பேசிக்கொண்டிருந்தேன்.

"ஐயா, படத்த பிலிம்ல அடிச்சி, சூடு வெச்சி முதல் சட்டையில ஒட்டினோம். உரிச்சிப் பாத்தா வாயோரம் வெள்ளையா வந்திருக்குதுங்க. தாடி இருக்கற எடமெல்லாம். பாக்க..." அந்த இடத்தில் நிறுத்தினாள். "பாக்க நல்லா இல்லைங்க. இப்ப சொன்னீங்கன்னா பிலிம வேற அடிச்சிடுவேன். ரெண்டு மணி நேரம். காசு வேணாம்னு அண்ணனும் சொல்றாரு."

"முடிய வெட்டுவியா?"

"வெட்டாம முடியாதுங்க."

"அப்ப சொன்னதச் செய்."

"ஐயா, ஒரு தடவ வந்து பாத்துட்டு..."

நான் போனை வைத்துவிட்டேன்.

சட்டைகள் கவரில் மடித்து வந்தன. நான் பிரிக்கவில்லை. அஜித்குமாரும் பிரிக்கவில்லை. தெவசத்தன்று காலை, படையல் முடிந்து, சம்பந்தி வீட்டார் நாற்காலிகளில் உட்கார்ந்த பிறகுதான் பையன்கள் போட்டுக்கொண்டு வரிசையாக வந்தார்கள்.

வெயில் ஏறியிருந்தது. நாற்பது கறுப்பு நெஞ்சு. நாற்பது தமிழரசன். ஒவ்வொருவன் உதட்டோரத்திலிருந்தும் முகவாய் வரை வெள்ளை பூத்து வழிந்திருந்தது. தாடி என்று யாரும் அதைச் சொல்ல முடியாது. நெற்றி முடியிலும் அந்த வெள்ளை இருந்தது, ஆனால் யாரும் நெற்றியைப் பார்க்கவில்லை. வாயில் நுரை தள்ளிய பிள்ளையை எங்கள் ஊரில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். எந்த வீட்டிலாவது ஒருமுறை.

பின் வரிசையில் ஒரு பெண், "ஐயோ, அப்படியே போட்டுட்டாங்களே" என்றாள்.

கமலா எழுந்து உள்ளே போனாள். வாசற்படி வரை நடந்துதான் போனாள். அதற்கு மேல் அபிநயா தாங்கிக்கொண்டாள்.

கவியரசன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். "இன்னா பெரியவரே இது? வாயில நொர மாதிரி இருக்குது. நீங்க காட்டின பேப்பர்ல வேற மாதிரி இல்ல இருந்துச்சி?"

அவர் பக்கத்தில் ஒருவர் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தப் படம் மத்தியானத்துக்குள் கள்ளக்குறிச்சி வரை போனது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

என் நாக்கில் பதில் இருந்தது. நான்தான் முடியை வெட்ட வேண்டாம் என்றேன். துணியில் இப்படி வரும் என்று இரண்டு தடவை சொன்னார்கள், நான் கேட்கவில்லை. இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. சொன்னால் கவியரசன் நம்பியிருக்கலாம். நம்பாமலும் போயிருக்கலாம். கூலிக்கு வேலை செய்கிற பெண் சொன்ன புத்தியைக் கேட்காமல் சொந்தப் பேரன் முகத்தில் நுரை பூசிய கிழவன் என்று பெயர் வந்திருக்கும். அது நிச்சயம்.

நான் யோசித்த நேரத்தில் அஜித்குமார் பேசிவிட்டான்.

"அந்தக் கடைப் பொண்ணு வெச்ச வேல மாமா. பச்சையம்மா பொண்ணு பாரதி. அவங்க அம்மாவ நம்ம கொல்லைக்கு வர வேணாம்னு தாத்தா சொன்னாரில்ல, அந்தக் கோவத்துல வேணும்னே நொர வெச்சிருக்கா."

இதைச் சொல்லும்போது அவன் கவியரசனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். கடையில் அவனும் இருந்தவன். அவள் சொன்னது அத்தனையும் கேட்டவன். நான் 'அப்படி இல்லை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதோடு நின்றிருப்பான்.

"அப்படியா பெரியவரே?" என்றார் கவியரசன்.

நான் தோளில் இருந்த துண்டைச் சரி செய்துகொண்டேன்.

"இன்னா துணிச்சல் பாரு" என்றார் அவர். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். சுற்றிலும் ஒரு பெருமூச்சு போனது. எல்லோருக்கும் அது வசதியாக இருந்தது. பையன்கள் வரிசை கலைந்தது. எட்டு வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. எங்கே போகிறார்கள் என்று எனக்குத் தெரியாது என்று சொன்னால் அது பொய்.

கடையில் நடந்ததை இருசப்பன் பிறகு என்னிடம் சொன்னார். பள்ளிக்கூட விளையாட்டு விழாவுக்குச் சட்டை அடித்துக்கொண்டிருந்தார்களாம். அச்சு ஒட்டுகிற மிஷின் திறந்து, நூற்று அறுபது டிகிரிச் சூட்டில் இருந்தது. தமிழரசன் முகம் போட்ட பன்னிரண்டு பேர் உள்ளே நுழைந்தார்கள். ஒருவன் கம்ப்யூட்டரைத் தள்ளினான். பாரதி கத்தவில்லையாம். "ஐயாவக் கேளுங்க, ஐயாவக் கேளுங்க" என்று மட்டும் சொன்னாளாம். "எந்த ஐயாடி உன்ன நொர வெக்கச் சொன்னாரு?" என்று ஒருவன் தோளைப் பிடித்துத் தள்ளினான். அவள் விழாமல் இருக்கக் கையை ஊன்றினாள். ஊன்றிய இடம் மிஷின் தகடு.

வலது கை. உள்ளங்கை முழுவதும், விரல்கள் வரை.

"தோலு அதுலயே ஒட்டிக்கிச்சிங்க" என்றார் இருசப்பன். வேறு விவரம் அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

போலீஸ் வந்தது. பச்சையம்மாள் மகளின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாளாம்: ஊரில் இருக்க வேண்டும், ஐயா வீட்டைப் பகைக்க வேண்டாம். கால் இடறி விழுந்ததாக பாரதி எழுதிக் கொடுத்தாள். இடது கையில் எழுதினாள்.

மூன்றாம் நாள் கவியரசன் போன் செய்து, தை மாதம் நாள் பார்க்கலாம் என்றார்.

கமலா மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். எனக்குச் சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள். சாயங்காலம் என் பெட்டியைத் திறந்து, பிரேதப் பரிசோதனை அறிக்கைக்கு அடியில் நான் வைத்திருந்த அந்தத் துணித் துண்டை எடுத்தாள். பாரதி முதலில் அடித்துக் காட்டியது. அதை இரண்டு கையாலும் விரித்து, கூடத்தில், நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பத்தடி தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவ்வளவு தூரத்திலிருந்து நான் அதைப் பார்த்தது அப்போதுதான் முதல் தடவை. தாடி சீவியதாகத் தெரியவில்லை. ஓரத்து இழைகள் போக மிஞ்சியிருந்த முடி கறுப்பு, பாரதி சொன்ன மாதிரியே துணியும் கறுப்பு. இரண்டும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. மீசை இருந்தது. தாடி இருந்தது. வாய் சுத்தமாக இருந்தது. அருவிக்கு முன்னால் நின்றது போலவே தமிழரசன் பக்கவாட்டில் திரும்பி நின்றான்.

கமலா அதை மடித்து, தன் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டாள்.

அபிநயாவின் கல்யாணம் தை பதினான்காம் தேதி நல்லபடியாக நடந்தது. கவியரசன் முன்னால் நின்று எல்லாம் செய்தார். பெண்ணை எலவனாசூர்கோட்டையில் விட்டுவிட்டு வந்தோம். அவள் இப்போது அந்த வீட்டுப் பெண். இனி எந்தப் பேச்சும் அவளைத் திருப்பி அனுப்பாது என்று தெரிந்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

இருசப்பன் கடையை மூடிவிட்டார். பாரதி திருப்பூரில் ஒரு கம்பெனியில் இருப்பதாகச் சொல்கிறார்கள். வலது கை விரல்கள் மடங்குவதில்லையாம். இடது கையால் படம் வெட்டப் பழகிக்கொண்டாளாம்.

பச்சையம்மாள் மகள் பழிவாங்கத் தமிழரசன் வாயில் நுரை வைத்தாள் என்று இன்னும் எங்கள் ஊரில் பேசுகிறார்கள். அவள் வைக்கவில்லை. முடியை வெட்டாதே என்று இரண்டு தடவை சொன்னவன் நான், அவள் சொல்லச் சொல்லப் போனை வைத்தவனும் நான்.